நாளைய தாளில் மூன்று வேலை

கேள்வி: "எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. நானும் வீட்டுக்காரரும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓடுகிறோம். ஆனால் முக்கியமான வேலை எப்போதும் நின்றுபோகிறது. காலையில் ஆள் வந்து நின்ற பிறகுதான் எதைச் செய்வது என்று யோசிக்கிறோம். அதிலேயே தினமும் சண்டை வருகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: சிறு விவசாயக் குடும்பங்களில் காலை நேரச் சண்டை பெரும்பாலும் முந்தின நாள் மாலையில் தொடங்குகிறது. மாலையில் மண்வெட்டியை வரப்பிலேயே விட்டுவிட்டு வருகிறோம். மருந்து அடித்த தெளிப்பான் அப்படியே மூலையில் கிடக்கிறது. நாளைக்கு என்ன வேலை என்று இருவர் மனதிலும் ஒரு கணக்கு இருக்கும். இரண்டு கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அது காலை எட்டு மணிக்கு, கூலி ஆட்கள் முன்னால்தான் தெரியவரும்.

இதே மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இன்னொரு தம்பதி. அவர்களுக்கும் இரண்டரை ஏக்கர்தான். ஒரு ஏக்கரில் சொட்டுநீர்ப் பாசனத்தில் தக்காளி, ஒரு ஏக்கர் நிலக்கடலை, அரை ஏக்கர் கம்பு நேப்பியர் புல், இரண்டு பசு. சென்ற பட்டத்தில் தக்காளி நட்டு ஒரு மாதம் ஆனதும் குச்சி நட்டுக் கயிறு கட்ட ஆறு பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு ஆறு பேரும் வந்துவிட்டார்கள். கயிறு இல்லை. "ஏங்க, கயிறு இருக்குதானே?" என்று முந்தின நாள் மனைவி கேட்டபோது, "இருக்கும் போ" என்று கணவர் சொல்லியிருந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய், கடை திறக்கும் வரை காத்திருந்து வாங்கி வந்தபோது மணி பத்து. எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மணி நேர வேலைக்கு ஆளுக்கு 400 ரூபாய் கூலி. அதில் இரண்டு மணி நேரம் போனால், ஆறு பேருக்கு 800 ரூபாய் வரப்பில் உட்கார்ந்திருந்ததற்குக் கொடுத்ததாக ஆகிவிட்டது. கட்டாமல் விட்ட வரிசைகளில் செடி சாய்ந்து, பின்னால் காய் மண்ணில் பட்டு அழுகியது தனி.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மாலையில் பசு ஒன்று அடிக்கடி கத்தியது, தீவனத்தைப் பாதியில் விட்டது. கவனித்தவர் மனைவி. காலையில் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். காலையில் ஆள் தேடும் அவசரத்தில் மறந்துபோனது. மறுநாள் மாலை நினைவு வந்தபோது பருவம் கழிந்துவிட்டது. அடுத்த பருவம் சுமார் 21 நாள் கழித்துத்தான். அந்த 21 நாள் தீவனச் செலவு மட்டுமல்ல, அடுத்த கன்றும் அடுத்த பாலும் அவ்வளவு தள்ளிப்போகிறது.

இதன் பிறகுதான் அவர்கள் மாலையில் கால் மணி நேரம் ஒதுக்க ஆரம்பித்தார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. சங்கத்துக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் ஆறே முக்கால் மணி. அந்த நேரத்தை மாற்றுவதில்லை. "சும்மா இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் விவசாயி வீட்டில் அந்த நேரம் வரவே வராது. பால் ஊற்றுவது எப்படியும் தினமும் நடக்கும் வேலை; அதன் வாலில் இதைக் கட்டிவிட்டதால் மறப்பதில்லை.

கால் மணி நேரத்தில் முதலில் ஒரு நடை. மோட்டார் அறை, கருவிகள் வைக்கும் தாழ்வாரம், மாட்டுக் கொட்டகை, அவ்வளவுதான். தோட்டம் முழுவதையும் சுற்றுவதில்லை. சுற்றினால் இன்னொரு வேலை கண்ணில் பட்டு, அதில் கை வைத்து, இருட்டிவிடும். மண்வெட்டி, அரிவாள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, சொட்டுநீர் வடிகட்டி கழுவ வேண்டுமா, தெளிப்பான் கழுவிக் கவிழ்த்திருக்கிறதா, மாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தெளிப்பானைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தில் 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவாமல், மறுநாள் அதிலேயே தக்காளிக்கு மருந்து அடித்துக் கெட்டவர்கள் உண்டு. தக்காளி, பருத்தி, கத்தரி போன்ற அகன்ற இலைப் பயிர்களுக்கு 2,4-டி மிகக் கொஞ்சம் பட்டாலும் ஆகாது. சில நாளில் நுனி இலைகள் குறுகி, முறுக்கிக்கொண்டு, நார் நாராக மாறும்; தண்டு வளையும். பார்ப்பவர்கள் வைரஸ் நோய் என்று நினைத்து மேலும் மருந்து அடிப்பார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. வைரஸ் என்றால் அங்கொரு செடி இங்கொரு செடியாகத் தொடங்கி நாளுக்கு நாள் பரவும். களைக்கொல்லி என்றால் அடித்த வரிசையில் எல்லாச் செடிகளிலும் ஒரே சமயத்தில் தெரியும். அடிக்காமல் விட்ட வரிசை நன்றாக இருக்கும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அன்று மாலையே சோப்புத் தண்ணீர் விட்டு, குழாய், விசைக்கைப்பிடி, முனை வழியாகவும் தண்ணீர் பீய்ச்சி, மூன்று முறையாவது கழுவ வேண்டும். அப்படிக் கழுவினாலும் அதை அகன்ற இலைப் பயிருக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றோரமோ விடக் கூடாது. காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால், காலையில் அதில் என்ன அடித்தோம் என்பதே சந்தேகமாகிவிடும்.

நடை முடிந்ததும் எழுதுவது. இதற்கு அவர்கள் நோட்டு வாங்கவில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் இன்றைய தாளைத் தூக்கிப் பிடித்து, நாளைய தாளில் ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே கிடைக்கும் வெற்றிடத்தில் எழுதுகிறார்கள். அதில் மூன்று வரிக்கு மேல் எழுத முடியாது. அது குறை போலத் தோன்றும், ஆனால் அதுதான் அதன் நன்மை. காலையில் தாளைக் கிழித்து கணவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். கிழிக்கிற தாளில் கணக்கு நிற்காது என்பதால், மருந்து அடித்த தேதி, உரம் விட்ட அளவு, சினை ஊசி போட்ட நாள் மட்டும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறும்.

அவர்களுடைய ஒரு செவ்வாய்க்கிழமை மாலையைப் பார்த்தால் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்.

அன்று கொட்டகைக்குப் போனபோது கறுப்புப் பசுவின் பின்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவான கோழை கயிறாகத் தொங்கியது. இன்னொரு மாட்டின் மேல் தாவப் பார்த்தது. பருவத்துக்கு வந்த அறிகுறி. மாலையில் அறிகுறி தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி, காலையில் தெரிந்தால் அன்று மாலையில் என்பது எளிய கணக்கு. எனவே இது நாளைய வேலை, அதுவும் காலை வேலை. முதல் வரி முடிவாகிவிட்டது.

மற்றபடி இருவர் மனதிலும் இருந்தவை: தக்காளியில் கிழக்குப் பக்கம் எட்டு வரிசைக்குக் குச்சி நடுவது, சொட்டுநீரில் உரம் விடுவது, வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பது, நிலக்கடலை வரப்பு ஓரிடத்தில் உடைந்திருப்பது, வங்கியில் நகைக்கடனைப் புதுப்பிப்பது, ஒழுகும் இரண்டு பக்கக் குழாயை மாற்றுவது. புல் அறுப்பது, பால் கறப்பது போன்ற அன்றாட வேலைகளை எழுதுவதில்லை. அவை எழுதாமலே நடக்கும். எழுதினால் இடத்தைத்தான் அடைக்கும்.

இவற்றிலிருந்து இரண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவர்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, எந்த வேலை நம் கையில் இல்லாத நேரத்தைப் பொறுத்தது என்பது. மின்சாரம், ஆள், மழை, அலுவலக நேரம் ஆகியவை நமக்காகக் காத்திருப்பதில்லை. உடைந்த வரப்பு காத்திருக்கும், தண்ணீர் பாய்ச்சும் நாள் வரை.

அந்த வாரம் அவர்கள் ஊரில் மும்முனை மின்சாரம் காலை 9 மணிக்கு வந்துகொண்டிருந்தது. உரம் விட வேண்டுமானால் முதலில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும், பிறகு உரக்கரைசல், கடைசியில் குழாய் கழுவப் பத்து, பதினைந்து நிமிடமாவது மறுபடி வெறும் தண்ணீர். தாமதமாகத் தொடங்கி நடுவில் மின்சாரம் போய்விட்டால் உரம் குழாயிலேயே நின்று, சொட்டுவானில் உப்புப் படியும். எனவே ஒன்பது மணிக்கே தொடங்க வேண்டும். அது இரண்டாம் வரி. குச்சி நடுவதற்கு நான்கு பேர் புதன்கிழமை வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அது மூன்றாம் வரி.

வேப்பங்கொட்டைக் கரைசல்தான் யோசிக்க வைத்தது. அது நாளைய வேலை என்றாலும் தொடங்க வேண்டியது இன்று மாலை. ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் 5 சதவீத அளவுக்கு 10 கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். அதை இடித்து 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். வடிகட்டியதை வைத்திருந்து அடித்தால் வீரியம் குறையும். கணவர் பருப்பை எடுக்கப் போனார். மனைவி கைப்பேசியில் மேகதூத் செயலியைத் திறந்து பார்த்தார். மாவட்ட வாரியான வேளாண் வானிலை அறிக்கை அதில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் புதிதாக வரும். புதன்கிழமை மழைக்கு வாய்ப்பு என்று இருந்தது. மாலையில் அடித்து இரவில் மழை பெய்தால் 10 கிலோ பருப்பும் ஓர் ஆள் கூலியும் மண்ணோடு போகும். ஊற வைக்கவில்லை. வியாழக்கிழமைத் தாளைத் தூக்கி, "வேம்பு - புதன் மாலை வானம் பார்த்து ஊற வை" என்று எழுதினார். வங்கி வேலை வெள்ளிக்கிழமைத் தாளுக்குப் போனது.

மூன்று வரியையும் எழுதிப் பார்த்தபோதுதான் இடி தெரிந்தது. எட்டு மணிக்கு ஆள் வருகிறார்கள். எட்டு மணிக்கே மாட்டைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். ஒன்பது மணிக்கு மோட்டார் போட வேண்டும். மூன்றையும் கணவரே செய்வதாக அவரும் நினைத்திருந்தார், மனைவியும் நினைத்திருந்தார். காலையில் தெரிந்திருந்தால் ஒன்று நின்றிருக்கும், ஒரு சண்டையும் நடந்திருக்கும். மாலையில் அது இரண்டு நிமிடப் பேச்சோடு முடிந்தது. மாட்டை ஓட்டிப் போவது கணவர். ஆட்களோடு நிற்பதும், அவர் திரும்பாவிட்டால் மோட்டார் போட்டு வெறும் தண்ணீர் விடத் தொடங்குவதும் மனைவி. தாளில் ஏறிய வரிகள் இவை:

"8 மணி. கறுப்பு மாடு, சினை ஊசி - அவர்.
9 மணி. தக்காளி உரம் - நான் மோட்டார் போட, அவர் உரம் விட.
8-2. குச்சி, கிழக்கு 8 வரிசை, ஆள் 4 - நான்."

அடியில் சிறிதாக, "மழை வந்தால் - தாழ்வாரத்தில் குழாய் ஒட்டு." ஆட்கள் வந்தபின் மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்து நிற்காமல் இருக்க ஒரு மாற்று வேலை.

இங்கே கவனிக்க வேண்டியது, "தக்காளி வேலை" என்று எழுதவில்லை. எந்தப் பக்கம், எத்தனை வரிசை, எத்தனை பேர் என்று இருக்கிறது. அப்படி எழுதும்போதே எட்டு வரிசைக்குக் கயிறு போதுமா என்ற கேள்வி தானாக வரும். "தக்காளி வேலை" என்று எழுதினால் வராது. போன பட்டத்தில் 800 ரூபாய் போனது அந்த இடத்தில்தான்.

கடைசி ஐந்து நிமிடம் கைவேலை. கயிறு மூன்று கட்டு எடுத்து, அரிவாளோடு ஒரு சாக்கில் போட்டுத் தோட்டத்து வாசலில் வைத்தார்கள். உரத்தை நிறுத்து, உலர்ந்தபடியே மூடி போட்ட வாளியில் வைத்தார்கள். இரவே கரைத்து வைக்கவில்லை; காலையில் மின்சாரம் வராவிட்டால் கரைத்தது என்னாவது? வடிகட்டியின் வலையைக் கழற்றிக் கழுவினார்கள். அன்று மோட்டார் ஓடியபோதே வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டியதை மனைவி பார்த்திருந்தார். மோட்டார் நின்ற பிறகு பார்த்தால் இது தெரியாது. பிறகு ஆட்களைக் கூட்டிவரும் அக்காவுக்கு ஒரு போன்: "அக்கா, நாளைக்கு நாலு பேர்தானே? மழைன்னு சொல்றாங்க, ஆனா வந்துருங்க." ஏழு மணிக்கு மேல் அழைத்தால் அவர் வேறு தோட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார்.

அத்துடன் அன்றைய நாள் முடிந்தது. சாப்பிடும்போது தோட்டத்துப் பேச்சு எடுப்பதில்லை என்பது அவர்கள் வீட்டில் பிள்ளைகள் போட்ட விதி. அது எப்போதும் நிலைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் என்ன ஆனது? ஊசி போட்டாகிவிட்டது. அன்று மாலையே காலண்டரில் 21 நாள் தள்ளிப்போய் ஒரு தாளில் "கறுப்பு மாடு கவனி" என்று எழுதினார்கள். அந்த நாளை ஒட்டி மறுபடி பருவ அறிகுறி தெரிந்தால் சினை நிற்கவில்லை என்று பொருள். தெரியாவிட்டாலும் சினை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு, மூன்று மாதத்தில் மருத்துவரிடம் காட்டிச் சினைப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கும் ஒரு தாள். குச்சி வேலையில் எட்டு வரிசையில் ஆறுதான் முடிந்தது. மதியம் தூறல் போட்டது.

மீதி இரண்டு வரிசை வியாழக்கிழமைத் தாளுக்குப் போனது. ஒருமுறை நகர்வதில் தவறில்லை. ஆனால் ஒரே வேலை மூன்று மாலை தொடர்ந்து நகர்ந்தால், நான்காம் முறை எழுதாமல், ஏன் நகர்கிறது என்று இருவரும் பேச வேண்டும். அவர்கள் வீட்டில் ஒழுகும் பக்கக் குழாய் அப்படித்தான் ஒரு வாரம் நகர்ந்தது. பேசியபோது தெரிந்தது, இணைப்பான் வாங்கவே இல்லை. செய்ய வேண்டிய வேலை குழாய் மாற்றுவதல்ல, கடைக்குப் போவது. சில சமயம் காரணம் பணமாக இருக்கும். அதைக் காலண்டர் தீர்த்து வைக்காது. ஆனால் பணம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், வேலை நடக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் குறை சொல்வது நிற்கும்.

வாசகியின் வீட்டில் இது ஆரம்பத்தில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் எழுதி, மற்றவர் காலையில் படிப்பது. அது உத்தரவு போல ஆகிவிடும், இரண்டு நாளில் நின்றும் போகும். யார் எழுதினாலும் இருவரும் அங்கே நிற்க வேண்டும். மாமனார், மாமியார் வேலை பார்க்கும் வீடென்றால் அவர்களும்தான். இத்தனை வருடம் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்து விவசாயம் பார்த்த பெரியவர் "இதையெல்லாம் எழுதணுமா?" என்று கேட்பார். அவர் மனதில் இருப்பது சரியாகத்தான் இருக்கும். அது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அறுவடை நாட்களில் இதெல்லாம் நடக்காது. பறித்த காயைத் தரம் பிரித்து வண்டி ஏற்றவே இரவு ஒன்பதாகும். அப்போது ஒரு வரி போதும்: நாளை முதல் வேலை எது, யார். நடையும் வேண்டாம். மாட்டை மட்டும் ஒருவர் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

கேள்வி: "எங்களுக்கு நெல் மட்டும்தான். தினமும் மூன்று வேலை எழுதுவதற்கு எங்களிடம் வேலையே இல்லையே?"

- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: நெல்லில் பல நாட்கள் எழுத ஒரே ஒரு வரிதான் இருக்கும்: நாளை தண்ணீர் வைப்பதா, வேண்டாமா. அதை முடிவு செய்ய மாலை நல்ல நேரம். வயலில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்க்கலாம். மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் நாளை தண்ணீர், இல்லாவிட்டால் நாளை மாலை மறுபடி பார்ப்பது. பூக்கும் பருவத்தில் மட்டும் இப்படிக் காயவிடாமல் வயலில் தண்ணீர் நிறுத்த வேண்டும். விதைப்புக்கு முந்தின மாலை இதைவிட முக்கியம். விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற அளவில் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். அன்று மாலை பொட்டலம் வீட்டில் இல்லையென்றால் மறுநாள் காலை வாங்கி வந்து பயனில்லை. காலாவதி தேதியையும் அந்த வெளிச்சத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.